காலி அடைப்புக்குறி

அன்புக்கரம் மூத்தோர் நல அறக்கட்டளை லூனாஸில், கார் பேட்டரி கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படிக்கட்டு செங்குத்து. மூத்தோர் யாரும் இதுவரை அதில் ஏறி வந்ததில்லை. வருவதாக இருந்தால் சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் புவனேஸ்வரன் அரிசிப் பை கொடுக்கிறார். டத்தோ சக்கர நாற்காலி கொடுக்கிறார். கடைசிப் படியை ஒட்டிய படத்தில் டத்தோ அந்தச் சக்கர நாற்காலியில் தாமே உட்கார்ந்து, தாங்குமா என்று பார்க்கிறார்.

அறக்கட்டளையின் வேலை எளிமையானது. தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தனியாக இருக்கும் பெரியவர்களை வாரம் ஒருமுறை ஒரு தொண்டர் போய்ப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பேசுவார். மருந்து சாப்பிட்டாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவார். பதிவுகள் எல்லாம் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் தளத்தில் போய்ச் சேரும். அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தவன் டத்தோவின் அக்கா மகன் குணாளன். தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அவன் 'டிஜிட்டல் இயக்குநர்'. அவன் இயக்குவதற்கு நளினி ஒருத்தி இருந்தாள்.

நளினி அதற்கு முன் கூலிம் ஃபேக்டரி ஒன்றில் தரவு ஆய்வாளராக இருந்தவள். முப்பத்தாறு வயது. அவள் வந்த முதல் வாரமே டத்தோ அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நளினி, அந்தத் தளத்துலேருந்து வர்ற சாமானைத் திறந்து பார்த்தேன்மா. ஒரே அடைப்புக்குறி. பாம்பு முட்டை போட்ட மாதிரி இருக்கு. எனக்கு வேணும்னா தோசை மாதிரித் தட்டையா வேணும். மேல தலைப்பு, கீழ வரி. அவ்வளவுதான்."

அவர் கேட்டதில் தவறில்லை. தளத்தின் இடைமுகத்தைக் கேட்டால் அது ஜேசன் வடிவில்தான் தரும், அதாவது பெட்டிக்குள் பெட்டி. ஒரு பெரியவருக்கு ஒரு பெட்டி. அதற்குள் பெயர், வயது, முகவரிக்கென்று தனிப்பெட்டி, பொறுப்பான தொண்டருக்கு ஒன்று. பிறகு 'வருகைகள்' என்றொரு பட்டியல். அந்தப் பட்டியலுக்குள் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனிப் பெட்டி. தேதி, குறிப்பு, உடல்நிலை. முகவரி ஒருவருக்கு ஒன்றுதான் என்பதால் அதைப் பிரித்து நெடுவரிசைகளாக நீட்டிவிடலாம். வருகைகள் அப்படி அடங்காது. ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு இருபது.

நளினி பைத்தானில் ஒரு சிறிய நிரல் எழுதினாள். வருகைப் பட்டியலை விரி, ஒரு வருகைக்கு ஒரு வரி போடு, அந்த வரியில் பெரியவரின் பெயரையும் ஊரையும் திரும்ப எழுது. முதல் பக்கத்தில் வந்த ஐம்பது பேரை வைத்துச் சோதித்தாள். ஐம்பது பேரும் வந்தார்கள். டத்தோவுக்குத் தோசை கிடைத்தது. ஒவ்வொரு மாத முதல் திங்கட்கிழமையும் சுடச்சுடக் கிடைத்தது.

அவளுக்கு அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது.

பாடாங் செராய்க்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவளுடைய அப்பா சின்னையா தனியாக இருந்தார். தோட்டத்து டிராக்டர் ஓட்டிய மனிதர். மனைவி இறந்தபின் மகள் ஒருத்திதான் உலகம். அந்த மகளைத் தன் தங்கை மகன் லோகேஸ்வரனுக்கே கட்டிக் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து அவள் அவனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றபோது, காரணம் கேட்கவில்லை. "என் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இந்த வீட்டுக்கு இனி வராத" என்றார். அவள் போகவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம்.

ஆனாலும் அவள் வேலைக்குச் சேர்ந்த மார்ச் மாதமே, தொண்டர்களை ஒருங்கிணைக்கும் திலகம் அக்காவிடம் அவள் கேட்டுக்கொண்டாள். "அக்கா, அங்க போய் எங்கப்பா பேரைப் பதிஞ்சிட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

திலகம் அக்கா போனார், பதிந்தார், திரும்பி வந்து முகத்தைச் சுளித்தார். "எல்லாம் ஆச்சுலா. ஆனா ஆபீஸ்ல யார் யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டாரு. வாய் தவறி உன் பேரைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டாரு."

ஏப்ரல் அட்டவணை வந்ததும் நளினி முதலில் தேடியது 'சின்னையா' என்ற பெயரை. இரண்டு சின்னையாக்கள் இருந்தார்கள். ஒருவர் யானில், ஒருவர் மெர்கோங்கில். பாடாங் செராய் சின்னையா இல்லை. மே மாதமும் இல்லை. வேண்டாம் என்று விலகிக்கொள்பவர்களின் பெயரைத் தளம் அனுப்பாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். என் பெயரைக் கேட்டதும் பேரையே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். மகள் வேலை செய்யும் இடத்து ஆள்கூட வாசலுக்கு வரக்கூடாது. சரி.

திலகம் அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பாவம் பார்ப்பார். பாவம் பார்க்கப்படுவது நளினிக்குப் பிடிக்காது. ஜூனுக்குப் பிறகு அவள் தேடுவதையும் விட்டுவிட்டாள்.

*

நவம்பரில் அறக்கட்டளைக்கு இரண்டாம் ஆண்டு விழா. அலோர் ஸ்டார் மெர்கோங்கில் மண்டபம் பிடித்தாயிற்று. டத்தோவின் ஆளுயரப் படத்தோடு பேனர் அச்சுக்குத் தயாராக இருந்தது. படத்துக்குக் கீழே போட ஓர் எண் வேண்டும்.

"மூவாயிரத்து நூத்தி எம்பத்து நாலு பெரியவங்க," என்றான் குணாளன், அட்டவணையின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டி. மதியச் சாப்பாடு முடிந்து, ஸ்ட்ரா போட்ட கோப்பிப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அது பெரியவங்க இல்ல, குணா. வருகை. ஒருத்தரைப் பத்து தடவை பாத்தா பத்து வரி."

"பத்து தடவை பாத்தா பத்து பேரைப் பாத்த மாதிரிதானே அக்கா?"

"உங்க மாமா உன்னைப் பத்து தடவை திட்டினா பத்து மருமகன் ஆயிடுவியா?"

குணாளன் அதை யோசித்துப் பார்த்தான். "சரி, உண்மையான நம்பர் போடுங்க. கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்."

அவள் அடையாள எண்ணை வைத்து, திரும்ப வந்தவர்களைக் கழித்து எண்ணினாள். இருநூற்று அறுபத்தெட்டு.

"இவ்வளவுதானா?" குணாளனுக்கு உண்மையாகவே வருத்தம். "தளத்துல முன்னூத்திச் சொச்சம்னு காட்டுமே."

"எங்க காட்டுது?"

"முதல் பக்கத்துலேயேலா. மேல."

அவள் இடைமுகத்தின் பதிலை அப்படியே, விரிக்காமல், திறந்தாள். மேலே மொத்தம் என்ற இடத்தில் முந்நூற்றுப் பதினொன்று என்றிருந்தது. எட்டு மாதமாக அந்த இடத்தில் ஓர் எண் இருந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதோடு தன் அட்டவணையை ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பக்கங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். வந்திருந்தன. அப்படியானால் நாற்பத்து மூன்று பேர் தளத்திலிருந்து கிளம்பி, அவளுடைய நிரலுக்குள் நுழைந்து, வெளியே வரவில்லை.

வராதவர்களின் அடையாள எண்களைத் தனியாகப் பிரித்து, முதல் பெட்டியைத் திறந்தாள். பெயர் இருந்தது. முகவரி இருந்தது. வருகைகள் என்ற இடத்தில் இரண்டு சதுர அடைப்புக்குறிகள் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருகைக்கு ஒரு வரி போடு என்று சொல்லியிருந்தாள். வருகையே இல்லாதவருக்கு நிரல் என்ன செய்யும்? போட வரியில்லை. வரி இல்லாததால் பெயரைத் திரும்ப எழுத இடமில்லை. பிழை என்று கத்தவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. யாருமே போய்ப் பார்க்காதவர்கள் அட்டவணையிலும் இல்லை. மாதாமாதம் டத்தோ 'பார்க்கப்படாத பெரியவர் என்று ஒருவரும் இல்லை' என்று அட்டவணையைத் தூக்கிக் காட்டியது பொய்யே இல்லை. அந்த அட்டவணையில் அப்படி ஒருவர் இருக்கவே முடியாது.

விலகியவர்கள் அல்ல இவர்கள். விலகியவர்களைத் தளம் அனுப்பியிருக்காது.

அவள் கை பெட்டிகளை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனது. எங்கே வந்து நிற்கப்போகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. சின்னையா, பாடாங் செராய், வயது எழுபத்து நான்கு. பதிந்த நாள் மார்ச். நிலை: தொடர்கிறார். வருகைகள்: இரண்டு அடைப்புக்குறி. பொறுப்பான தொண்டர்: டத்தோ புவனேஸ்வரன்.

தலைவரும் நிர்வாகக் குழுவினரும் ஆளுக்குச் சில பெரியவர்களைத் தாங்களே ஏற்றுக்கொள்வது என்று ஆரம்பத்தில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அதற்கும் சுவரில் படம் உண்டு.

அந்த நேரம் பார்த்து டத்தோ உள்ளே வந்தார். விழா உரையை ஒத்திகை பார்க்க வந்தவர். "என்னம்மா, நம்பர் கிடைச்சுதா?"

"டத்தோ, நாப்பத்தி மூணு பேரை யாருமே போய்ப் பாக்கல. எட்டு பேர் உங்க பொறுப்பு."

டத்தோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் எங்கம்மா போறது. நான் போனா அவங்க டீ போடணும், சேர் துடைக்கணும். வயசானவங்களுக்குச் சிரமம்." பிறகு திரையை எட்டிப் பார்த்தார். "ஆமா, இவ்வளவு நாள் நல்லாத்தானே வந்துச்சு இந்த டேபிள். இப்ப ஏன் அதைக் குடையுற?"

"தப்பா வந்துச்சு டத்தோ. நான் எழுதினதுதான் தப்பு. பெரியவங்களை முதல்ல ஆளுக்கு ஒரு வரியா வச்சுக்கணும். வருகையைத் தனி டேபிளா எடுத்து, அப்புறம் அவங்ககூட சேர்க்கணும். வருகை இல்லன்னாலும் பேர் நிக்கும். பக்கத்துல சைபர்னு வரும்."

"சைபரா?" டத்தோ அந்தச் சொல்லை, சாப்பாட்டில் கல் கடிபட்டதுபோல வாயிலேயே நிறுத்திவைத்தார். "விழா முடியட்டும்மா. பேனர் இன்னைக்கே அச்சுக்குப் போகணும். சைபரை எல்லாம் ஜனவரியில போட்டுக்கலாம்."

நளினி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க எட்டுல ஒருத்தரைப் பாக்க."

"நல்லது, நல்லது," என்றார் டத்தோ. "போட்டோ எடுத்துக்க."

*

தோட்டத்துக்குள் செம்மண் பாதை மாறியிருக்கவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சின்னையாவின் வீட்டு முன்கூரைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார், முழுக்கைச் சட்டையில், கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு. மெலிந்திருந்தார்.

கார் கதவைச் சாத்தும்போதே பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலிவரை வந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது வருடப் பழக்கம்.

"வந்துட்டியா புள்ள," என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "உன்னைத் தெரியாது. சொல்லிட்டேன், திடுக்குனு அழாத."

"என்னது?"

"மறதி. மே மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் ஒன்னொன்னாப் போச்சு. சோத்தைத் தின்னுட்டுத் தின்னலம்பாரு. க்ளினிக்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா அத்தை?"

"போடவான்னு கேட்டேன் புள்ள, ஜூன் மாசமே கேட்டேன். வேணாம், ஆபீஸ்லேருந்து வாரா வாரம் ஆள் வரும், அதுகிட்ட நான் சொல்லியனுப்பிக்கறேன்னுட்டாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேரைத் துடைச்சுப் போட்டு உக்காந்துருவாரு. இப்ப எது சனி எது திங்கள்னு தெரியாம தினம் போட்டு உக்காருறாரு." காளியம்மா மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாயும் வரல."

நளினி வேலியைத் தாண்டி நடந்தாள். சின்னையா அவளைப் பார்த்ததும் எழ முயன்றார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்தார்.

"வாங்கம்மா. அறக்கட்டளையிலேருந்தா?"

அப்பா என்ற சொல் அவள் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. அந்தக் கண்கள் அவள் கழுத்தில் அறக்கட்டளை அட்டை தொங்குகிறதா என்று தேடிக்கொண்டிருந்தன. தொங்கியது.

"ஆமாங்க."

"உக்காருங்க. ரொம்ப தூரமா? பாதை சூசா, நாங்களே கஷ்டப்பட்டுத்தான் போறோம். எழுதிக் கொடுத்து கொஞ்ச நாளாச்சே, ஏன் வரலன்னு பாத்தேன். வேலை இருக்கும். பரவால்ல."

அவள் உட்கார்ந்தாள். துடைத்த நாற்காலி. கேட்க வேண்டிய கேள்விகள் அவளுக்கு மனப்பாடம், நெடுவரிசைத் தலைப்புகளாக. மருந்து சாப்பிட்டீர்களா. தூக்கம் எப்படி. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், பாதி சரியாக. கால் வீக்கம் இல்லை என்று காட்ட வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். வீங்கியிருந்தது.

"கேள்வி முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப நான் ஒன்னு கேக்கலாமா?" அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "உங்க ஆபீஸ்ல நளினின்னு ஒரு புள்ள வேலை செய்யுதாமே. கம்ப்யூட்டர்ல. தெரியுமா?"

"தெரியும்."

"என் மகதான்." அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. "முன்னாடி வந்த அம்மா அதோட பேரைச் சொன்னிச்சு. அதனாலதான் சரி, எழுதிக்கங்கன்னேன். எனக்கு யாரும் வந்து பாக்கணும்னு ஒன்னுமில்ல, காளியம்மா இருக்குது. ஆள் வந்தா அது எப்படி இருக்குன்னு கேக்கலாமேன்னு."

செம்பனை மரங்களுக்கு அப்பால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார்கள்.

"நல்லா இருக்கா?"

"இருக்கா," என்றாள் நளினி.

"நேரத்துக்குச் சாப்புடுதா? அதுக்குப் பசி தெரியாது. அவங்கம்மா மாதிரி."

"சாப்பிடுவா."

"எம்மேல கோபமா இருக்கும்." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "நான் ஏதோ சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு இப்ப நெனப்பு வரமாட்டேங்குது. பெருசா ஏதோ சொல்லிருக்கேன். அவ அப்படியெல்லாம் வராம இருக்கற புள்ள இல்ல."

"அதுக்கும் மறந்திருக்கும்," என்றாள்.

"மறந்தா வந்திருக்குமேம்மா."

அவள் குனிந்து கைப்பேசியை நோண்டினாள். அவர் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தார். "எழுதிக்குங்க, எழுதிக்குங்க. எல்லாத்தையும் எழுதினாத்தான் அங்க போய்ச் சேரும். அப்பா நல்லா இருக்காருன்னு போடுங்க. மறதின்னு போடாதீங்க, பயந்துரும்."

காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நளினியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்பதுபோல் வாயைத் திறந்தாள். நளினி தலையை அசைத்தாள். வேண்டாம். எட்டு மாதமாக அவர் எதிர்பார்த்த அறக்கட்டளை ஆள் இப்போதுதான் வந்திருந்தார். அதையும் ஏன் பிடுங்க வேண்டும்?

கிளம்பும்போது அவர் கார்வரை வந்தார். ஜன்னலைத் தட்டினார்.

"அடுத்த வாரம் நீங்கதான் வருவீங்களா? இல்ல வேற ஆளா?"

"நான்தான் வருவேன்."

"அப்ப அதுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிட்டு, அது என்ன சொல்லிச்சுன்னு வந்து சொல்லுங்க. மறந்துராதீங்க." பிறகு யோசித்து, "நானும் மறந்தா ஞாபகப்படுத்துங்க," என்றார்.

தோட்டத்துக் கோயில் திருப்பத்தில் அவள் காரை நிறுத்தினாள். கைப்பேசியில் வருகையைப் பதிந்தாள். உடல்நிலை: கால் வீக்கம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறிப்பில் மறதி என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். அனுப்பும் முன் தளம் கடைசியாக ஒன்று கேட்டது: வந்தவர் யார்? கீழே இரண்டு தேர்வுகள். உறவினர், தொண்டர்.

அவள் தொண்டர் என்பதைத் தொட்டாள்.

மெர்கோங் விழாவில் திரை பெரியதாக இருந்தது. டத்தோ உரையை நிறுத்தி நிறுத்திப் படித்தார். பேனரில் மூவாயிரத்து நூற்று எண்பத்து நான்கு பெரியவர்கள் என்றே இருந்தது. குணாளன் முன்வரிசையில் முதலில் கைதட்டினான். நளினி அங்கே போகவில்லை. அது சனிக்கிழமை. திருத்திய அட்டவணையை அன்று காலையிலேயே எல்லா நிர்வாகக் குழுவினருக்கும் அனுப்பியிருந்தாள். முந்நூற்றுப் பதினொரு பேரும் இருந்தார்கள். நாற்பத்து இரண்டு பேருக்கு நேரே சைபர் இருந்தது. சின்னையா என்ற பெயருக்கு நேரே ஒன்று.

பழைய நிரலிலும் இப்போது அவர் வருவார். ஒரு வரி போட இடமிருக்கிறது.